ஒரு கிலோகிராம் மீத்தேன் முழுமையாக எரிய எவ்வளவு காற்று வேண்டும்: படிப்படியான கணக்கு

ஒரு கிலோகிராம் மீத்தேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 17.2 கிலோகிராம் உலர்ந்த காற்று தேவை. இந்தக் கணக்கைப் புதிதாகப் போடுகிறவர்களின் தாள்களில் 9.5, 15, 19 என்ற விடைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டல் பெருக்கலில் பிழை இருப்பது அரிது. படிகளின் வரிசை மாறியதாலோ, ஓரிடத்தில் மோல் கணக்கும் நிறைக் கணக்கும் கலந்துவிட்டதாலோதான் இந்த விடைகள் பிறக்கின்றன. ஆகவே இங்கே ஒவ்வொரு படியையும் அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்ற காரணத்தோடு தருகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நான்கு மோலார் நிறைகளை எழுதிக்கொள்ளுங்கள். மீத்தேன் 16.043, ஆக்சிஜன் 31.998, கார்பன் டை ஆக்சைடு 44.009, நீர் 18.015; அலகு எல்லாவற்றுக்கும் கிராம்/மோல். 16, 32, 44, 18 என்ற முழு எண்களே போதும் என்று பலர் தொடங்குகிறார்கள். விடை பெரிதாக மாறாது என்பது உண்மைதான். ஆனால் ஏழாம் படியில் சரிபார்க்கும்போது வரும் சிறு வேறுபாடு பிழையால் வந்ததா, எண்களைச் சுருக்கியதால் வந்ததா என்ற குழப்பம் எழும். அதைத் தவிர்க்கவே மூன்று தசம இடங்கள்.

அடுத்தது காற்றின் உட்கூறு. உலர்ந்த காற்றின் 100 மோலில் நைட்ரஜன் 78.08, ஆக்சிஜன் 20.95, ஆர்கான் 0.93, கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 மோல் இருக்கின்றன. இந்தக் கலவையின் சராசரி மோலார் நிறை 28.96 கிராம்/மோல். இந்தச் சதவீதங்கள் மோல் சதவீதங்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வாயுக்களில் மோல் சதவீதமும் கனஅளவுச் சதவீதமும் ஒன்றே. நிறைச் சதவீதம் வேறு. ஐந்தாம் படியின் முழுச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது.

எரிபொருள் உண்மையிலேயே தூய மீத்தேன்தானா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன் என்றாலும், ஈத்தேன் போன்ற பிற ஹைட்ரோகார்பன்களும், எரியாத நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் அதில் கலந்திருக்கும். ஒரு கிலோகிராம் ஈத்தேனுக்கு 16.1 கிலோகிராம் காற்றே போதும்; எரியாத வாயுவுக்குக் காற்றே வேண்டாம். எனவே கீழே வரும் 17.2 என்ற எண் மீத்தேனுக்கு மட்டுமே உரியது.

2. சமன்பாட்டைச் சமன் செய்தல்

முழு எரிதல் என்றால் எரிபொருளில் உள்ள கார்பன் அனைத்தும் கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரஜன் அனைத்தும் நீராகவும் மாறி முடிவது. கார்பன் மோனாக்சைடோ, புகைக்கரியோ, எரியாத மீத்தேனோ மிச்சம் இருக்கக் கூடாது. இந்த வரையறையை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சமன்பாட்டின் வலப்பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

```
CH4 + 2 O2 → CO2 + 2 H2O
```

கார்பனை முதலிலும், ஹைட்ரஜனை அடுத்தும், ஆக்சிஜனைக் கடைசியிலும் சமன் செய்யுங்கள். ஒரு கார்பன் ஒரு CO2 ஆகிறது. நான்கு ஹைட்ரஜன் இரண்டு H2O ஆகின்றன. இவ்விரண்டும் நிலைபெற்ற பிறகு வலப்பக்கத்தில் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நிற்கும். ஆகவே இடப்பக்கத்தில் இரண்டு O2 வேண்டும். ஆக்சிஜனைக் கடைசிக்கு விடுவது ஏனென்றால், வலப்பக்கத்தின் இரு சேர்மங்களிலும் அது இருக்கிறது. அதை முதலில் தொட்டால் பிறகு மீண்டும் திருத்த வேண்டிவரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சமன்பாட்டில் உள்ள 1, 2 என்ற எண்கள் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிப்பவை; அதாவது மோல் விகிதங்கள். “ஒரு பங்கு மீத்தேனுக்கு இரண்டு பங்கு ஆக்சிஜன்” என்று படித்துவிட்டு, ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோ என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் முதல் தடுமாற்றம். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு ஒரு மீத்தேன் மூலக்கூறைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நிறை கொண்டது. ஆகவே நிறைக் கணக்கில் அந்த இரண்டு கிட்டத்தட்ட நான்காகிவிடும்.

3. கிலோகிராமை மோலாக மாற்றுதல்

சமன்பாடு மோலில் பேசுகிறது. நமக்குத் தரப்பட்டிருப்பதோ கிலோகிராம். எனவே வேறு எதையும் தொடும் முன் எரிபொருளை மோலுக்கு மாற்றிவிட வேண்டும்.

1000 ÷ 16.043 = 62.33 மோல் மீத்தேன்.

இதற்குப் பிறகு, காற்றின் மோல் எண்ணிக்கை கிடைக்கும் வரை மோலை விட்டு வெளியே வராதீர்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பெரும்பாலான பிழைகள் நிகழ வாய்ப்பில்லாமல் போகும். நடுவழியில் நிறைக்குப் போய்விட்டு மீண்டும் மோல் விகிதம் ஒன்றால் பெருக்குவதோ வகுப்பதோதான் 15, 19 ஆகிய விடைகளின் ஊற்றுக்கண்.

4. தேவையான ஆக்சிஜன்

ஒரு மோல் மீத்தேனுக்கு இரண்டு மோல் ஆக்சிஜன், எனவே 62.33 மோலுக்கு 124.67 மோல் ஆக்சிஜன் தேவை. இதன் நிறை 124.67 × 31.998 = 3989 கிராம், அதாவது 3.989 கிலோகிராம்.

நிறையை இப்போது கணக்கிட்டு ஓரமாகக் குறித்து வையுங்கள். பின்னால் சரிபார்க்க உதவும். அடுத்த படிக்கு எடுத்துச் செல்ல வேண்டிய எண் 124.67 மட்டுமே. இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிட்டு, “நான்கு கிலோ காற்று” என்று விடை எழுதியவர்களும் உண்டு. கேட்கப்பட்டது காற்று, கிடைத்திருப்பது ஆக்சிஜன். விடைக்கு அடிக்கோடு இடும் முன் கேள்வியை மறுபடி ஒருமுறை படிப்பது நல்லது.

5. ஆக்சிஜனிலிருந்து காற்றுக்கு

எரிப்பானுக்குள் யாரும் ஆக்சிஜனை மட்டும் பிரித்தெடுத்து அனுப்புவதில்லை. ஆக்சிஜனோடு நைட்ரஜனும் ஆர்கானும் சேர்ந்தே உள்ளே வருகின்றன. அவை வினையில் பங்கு கொள்ளாமல் சூடாகி வெளியேறுகின்றன என்றாலும், விசிறி அவற்றையும் தள்ளித்தான் ஆக வேண்டும். எனவே 124.67 மோல் ஆக்சிஜனைத் தாங்கிவரும் காற்று எவ்வளவு என்பதே இப்போதைய கேள்வி.

காற்றின் ஒவ்வொரு 100 மோலிலும் 20.95 மோல் ஆக்சிஜன் இருப்பதால்,

124.67 ÷ 0.2095 = 595.1 மோல் காற்று.

இதில் ஆக்சிஜன் அல்லாத பகுதி 595.1 − 124.67 = 470.4 மோல். நைட்ரஜன், ஆர்கான், மிகச் சிறிதளவு கார்பன் டை ஆக்சைடு எல்லாம் இதில் அடங்கும்.

பாடநூல்கள் பலவற்றில் இதே படி வேறு வடிவில் இருக்கும். காற்றை 21 பங்கு ஆக்சிஜன், 79 பங்கு நைட்ரஜன் என்று எளிமைப்படுத்தி, ஒரு மோல் ஆக்சிஜனுக்கு 79 ÷ 21 = 3.76 மோல் நைட்ரஜன் என்று எழுதுவார்கள். அது சரியான முறைதான். ஆனால் 3.76 என்பது கூடவரும் நைட்ரஜனை மட்டும் தரும் எண். மொத்தக் காற்றுக்கு அதோடு ஆக்சிஜனின் 1 பங்கையும் கூட்டி 4.76 ஆல் பெருக்க வேண்டும். ஆக்சிஜன் நிறையான 3.989 கிலோகிராமை 3.76 ஆல் பெருக்கினால் 15.0 வரும். ஒருவருடைய விடை 15 என்றால் அங்கே இரண்டு பிழைகள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன: நைட்ரஜனை மொத்தக் காற்றாக எடுத்துக்கொண்டது ஒன்று, மோல் விகிதத்தை நிறையோடு பெருக்கியது மற்றொன்று.

19 என்ற விடையின் கதை இன்னும் நுட்பமானது. அந்தத் தாள்களில் இந்த வரி அப்படியே இருக்கும்:

3.989 ÷ 0.21 = 19.0

பார்வைக்கு இதில் குற்றமே தெரியாது. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே ஆக்சிஜனை 0.21 ஆல் வகுத்தால் காற்று கிடைக்கும் என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஆனால் மேலே இருப்பது கிலோகிராம், கீழே இருப்பது மோல் விகிதம். ஆக்சிஜன் மூலக்கூறு நைட்ரஜன் மூலக்கூறைவிடக் கனமானது. எனவே காற்றின் நிறையில் அதன் பங்கு 21 சதவீதத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்க முடியும். 100 மோல் காற்றை எடுத்துக்கொண்டால் இதை நேரடியாகப் பார்க்கலாம். அதன் நிறை 2896 கிராம், அதிலுள்ள 20.95 மோல் ஆக்சிஜனின் நிறை 20.95 × 31.998 = 670.4 கிராம். விகிதம் 670.4 ÷ 2896 = 0.2315. நிறையில் ஆக்சிஜனின் பங்கு 23.15 சதவீதம்.

நிறை வழியாகவே கணக்கை முடிக்க விரும்புகிறவர்கள் இந்த 0.2315 ஆல்தான் வகுக்க வேண்டும். 3.989 ÷ 0.2315 = 17.23. மோலை மோல் விகிதத்தாலும் நிறையை நிறை விகிதத்தாலும் வகுக்கும் வரை இரண்டு வழிகளும் ஒரே இடத்தில்தான் வந்து சேரும்.

6. காற்றின் நிறை

595.1 மோல் காற்றை அதன் சராசரி மோலார் நிறையால் பெருக்குங்கள்:

595.1 × 28.96 = 17,234 கிராம், அதாவது 17.23 கிலோகிராம்.

இது சிறிதும் மிச்சமில்லாமல் கணக்குக்குச் சரியாகப் போதுமான காற்று; இதைக் கோட்பாட்டுக் காற்று என்பார்கள். ஒரு நூலில் 17.1 என்றும் மற்றொன்றில் 17.3 என்றும் இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். 21, 79 என்ற எளிய உட்கூறை எடுத்தால் 17.13 வரும், நிறைப் பங்கை 23 சதவீதம் என்று சுருக்கினால் 17.34 வரும். ஒரு சதவீதத்துக்குள் அடங்கும் இந்த வேறுபாடு, காற்றின் உட்கூறை எப்படி எடுத்தோம் என்பதிலிருந்து வருவது. நடைமுறைக்கு 17.2 என்று சொன்னால் போதும். நான்காவது இலக்கத்துக்கு மேல் எழுதுவது இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும்.

9.5 என்ற விடை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போது காணலாம். ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோ ஆக்சிஜன் என்று தொடங்கி, 2 ÷ 0.21 என்று வகுத்தால் 9.5 கிடைக்கும். இந்த எண் வேறோர் இடத்தில் முற்றிலும் சரியானது என்பதால் இதைப் பிடிப்பது கடினம். ஒரு கனமீட்டர் மீத்தேனுக்கு 9.5 கனமீட்டர் காற்று வேண்டும் என்பது உண்மை. கனஅளவு விகிதத்துக்குக் கிலோகிராம் என்ற அலகை ஒட்டிவிட்டதுதான் பிழை. விடையைப் பின்பக்கத்து அட்டவணையோடு ஒப்பிடும்போது 9.5 அங்கே அச்சாகியிருப்பதைக் கண்டு, சரி என்று குறியிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

7. நிறைச் சமநிலையால் சரிபார்த்தல்

உள்ளே போன நிறையும் வெளியே வந்த நிறையும் சமமாக இருக்க வேண்டும். உள்ளே போனது 1 கிலோகிராம் மீத்தேனும் 17.234 கிலோகிராம் காற்றும், ஆக 18.234 கிலோகிராம். வெளியே வருபவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிடுவோம்.

கார்பன் டை ஆக்சைடு: 62.33 × 44.009 = 2.743 கிலோகிராம்.
நீர்: 124.67 × 18.015 = 2.246 கிலோகிராம்.
நைட்ரஜனும் ஆர்கானும் சேர்ந்த பகுதி: 470.4 × 28.16 = 13.246 கிலோகிராம்.
மொத்தம்: 18.235 கிலோகிராம்.

ஒரு கிராம் வேறுபாடு எண்களைச் சுருக்கியதால் வந்தது. ஒரு கிலோகிராம் மீத்தேன் இரண்டேகால் கிலோகிராம் நீரைத் தருகிறது என்பதை இங்கே கவனித்துக்கொள்ளுங்கள். பத்தாம் படியில் இது மீண்டும் தேவைப்படும்.

மேலே நைட்ரஜன் பகுதியின் நிறையை அதற்குரிய மோலார் நிறையான 28.16 கொண்டு தனியாகக் கணக்கிட்டிருக்கிறேன். தூய நைட்ரஜனின் 28.01 ஐவிட இது சற்றே கூடுதலாக இருப்பது ஆர்கானால். பலர் இந்த இடத்தில் காற்றின் நிறையிலிருந்து ஆக்சிஜனின் நிறையைக் கழித்து நைட்ரஜனை எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் காற்று 17 கிலோவாக இருந்தாலும் 19 கிலோவாக இருந்தாலும் இரு பக்கமும் கச்சிதமாகச் சமப்படும். ஐந்தாம் படியின் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டிய சோதனை அந்தப் பிழையையே மறைத்துவிடும். சரிபார்க்கும்போது எந்த எண்ணையும் கழித்துப் பெறாமல், மோலிலிருந்தே தனித்தனியாகப் பெறுங்கள்.

8. நிறையிலிருந்து கனஅளவுக்கு

விசிறியையும் குழாயையும் தேர்வு செய்கிறவருக்குக் கிலோகிராம் போதாது, கனமீட்டர் வேண்டும். காற்றின் மோல் எண்ணிக்கை ஏற்கெனவே கையில் இருப்பதால் இது ஒரே பெருக்கல்தான். 0 டிகிரி செல்சியஸிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் ஒரு மோல் வாயு 22.414 லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். எனவே,

595.1 × 22.414 = 13,339 லிட்டர், அதாவது 13.34 கனமீட்டர்.

22.4 என்ற எண்ணை எந்த வெப்பநிலைக்கும் பொருத்திவிடுவது இங்கே வழக்கமான பிழை. அதே அழுத்தத்தில் 30 டிகிரியில் ஒரு மோல் 24.88 லிட்டர் ஆகிறது. அதே காற்று 14.80 கனமீட்டர் இடத்தைப் பிடிக்கும். பதினொரு சதவீத வித்தியாசம் விசிறித் தேர்வில் அலட்சியப்படுத்தத் தக்கது அன்று. கனமீட்டர் என்று எழுதும் ஒவ்வொரு முறையும் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அவை இல்லாத கனமீட்டர் எவ்வளவு காற்றைக் குறிக்கிறது என்று படிப்பவரால் சொல்ல முடியாது.

9. ஈரமான காற்று

இதுவரை போட்டது உலர்ந்த காற்றின் கணக்கு. வெளிக்காற்றில் நீராவி இருக்கிறது. அது எரிதலுக்கு உதவாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கிறது. 30 டிகிரி வெப்பநிலையும் 60 சதவீத ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒவ்வொரு கிலோகிராம் உலர்ந்த காற்றோடும் சுமார் 16 கிராம் நீராவி வரும். ஆகவே 17.23 கிலோகிராம் உலர்ந்த காற்றைப் பெற 17.51 கிலோகிராம் ஈரக்காற்றை உள்ளிழுக்க வேண்டும், கனஅளவு 14.80 இலிருந்து 15.2 கனமீட்டராக உயரும்.

இந்தத் திருத்தத்தைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். எரிதல் கணக்கு முழுவதையும் உலர்ந்த காற்றில் முடித்துவிட்டு, நீராவியைப் பிறகு சேர்த்தால் ஒரு பெருக்கலோடு முடியும். தொடக்கத்திலேயே சேர்த்தால் ஆக்சிஜன் சதவீதம் நாளுக்கு நாள் மாறி, எந்த எண்ணையும் நூல்களோடு ஒப்பிட முடியாமல் போகும்.

10. உபரிக் காற்றும் புகைவாயு அளவீடும்

கோட்பாட்டுக் காற்றை மட்டும் அனுப்பினால் உண்மையான சுடரில் முழு எரிதல் நிகழ்வது அரிது. ஒவ்வொரு மீத்தேன் மூலக்கூறும் சுடரில் இருக்கும் குறுகிய நேரத்துக்குள் தனக்குரிய இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் சந்தித்தாக வேண்டும். கலப்பு அவ்வளவு சீராக இருப்பதில்லை. அதனால் சற்றுக் கூடுதலாகக் காற்றைக் கொடுக்கிறோம்.

குறைவாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். காற்று பத்து சதவீதம் குறைந்தால் 12.47 மோல் ஆக்சிஜன் பற்றாக்குறை. ஒரு மோல் கார்பன் CO2 ஆகாமல் CO ஆக நின்றுவிட்டால் அரை மோல் ஆக்சிஜன் மிச்சமாகும். ஹைட்ரஜன் முழுவதும் நீராகிவிடுகிறது என்று எளிமைப்படுத்திக்கொண்டால், அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட 24.9 மோல் கார்பன் மோனாக்சைடு உருவாக வேண்டும். மொத்தக் கார்பனில் அது 40 சதவீதம். உண்மையில் எரியாத ஹைட்ரஜனும் கொஞ்சம் மிஞ்சுவதால் மோனாக்சைடு இதைவிடக் குறையும். ஆனாலும் காற்றில் பத்து சதவீதக் குறை நச்சுவாயுவில் எவ்வளவு பெரிதாக வெளிப்படுகிறது என்பது தெளிவு. உபரிக் காற்றால் வரும் வெப்ப இழப்பு இதோடு ஒப்பிட்டால் சிறியது.

எடுத்துக்காட்டாக 15 சதவீத உபரி என்று வைத்துக்கொள்வோம். காற்று 17.23 × 1.15 = 19.8 கிலோகிராம், அதாவது 684.4 மோல் ஆகிறது. இதில் 18.7 மோல் ஆக்சிஜன் பயன்படாமல் வெளியேறும். நைட்ரஜன் பகுதி 541.0 மோல், கார்பன் டை ஆக்சைடு முன்போலவே 62.33 மோல். நீராவியைக் குளிர்வித்து நீக்கிவிட்டால் உலர்ந்த புகைவாயு மொத்தம் 622 மோல். அதில் ஆக்சிஜன் 18.7 ÷ 622 = 3.0 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 10.0 சதவீதம். புகைபோக்கியில் வைத்த அளவியில் இந்த இரண்டு எண்களும் ஒருசேர வந்தால், காகிதத்தில் போட்ட கணக்கு உலையில் நடந்திருக்கிறது என்று நம்பலாம். உபரி இல்லாதபோது மீத்தேனின் உலர்ந்த புகைவாயுவில் கார்பன் டை ஆக்சைடு 11.7 சதவீதம், தூய மீத்தேனை வெளிக்காற்றில் எரிக்கும்போது அதற்கு மேல் காட்டும் அளவியை முதலில் சந்தேகியுங்கள்.

பின்னோக்கிக் கணக்கிடும்போது ஒரு குறுக்குவழி பரவலாக இருக்கிறது. ஆக்சிஜன் சதவீதத்தை, 20.95 இலிருந்து அதைக் கழித்த மீதியால் வகுத்தால் உபரி கிடைக்கும் என்பார்கள். 3.0 ÷ 17.95 = 16.7 சதவீதம் வருகிறது. நாம் அனுப்பியதோ 15. உபரியில்லாத எரிதலில், உள்ளே போன காற்றும் வெளியேறும் உலர்ந்த புகைவாயுவும் ஒரே மோல் அளவு என்று அந்த வழி கருதிக்கொள்கிறது. மீத்தேனில் அது உண்மையல்ல. 595.1 மோல் காற்று உள்ளே போனால் உலர்ந்த புகைவாயுவாக 532.7 மோல்தான் வெளியே வருகிறது. ஆக்சிஜனின் ஒரு பங்கு நீராக மாறிக் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. 532.7 ÷ 595.1 = 0.895 என்ற இந்த விகிதத்தால் பெருக்கினால் 16.7 × 0.895 = 14.95, அதாவது ஏறத்தாழ 15 என்று சரியான எண் திரும்பிவிடும்.

அளவி எந்த வாயுவை அளக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாதிரியை வெளியே இழுத்துக் குளிர்வித்து அளக்கும் கருவி உலர்ந்த புகைவாயுவின் சதவீதத்தைக் காட்டும். புகைபோக்கிக்குள்ளேயே பொருத்திய உணரி நீராவியோடு சேர்ந்த சதவீதத்தைக் காட்டும். மேலே சொன்ன அதே சுடரில் நீராவியின் 124.67 மோலையும் சேர்த்தால் மொத்தம் 746.7 மோல் ஆகி, ஆக்சிஜன் 2.5 சதவீதமாகத் தெரியும். இந்த 2.5 ஐ உலர்ந்த வாயுச் சூத்திரத்தில் இட்டால் உபரி 12 சதவீதம் என்று வரும். இல்லாத குறைக்காகக் காற்றைக் கூட்டி வெப்பத்தை வீணாக்குவோம்.

ஆக்சிஜன் 3 சதவீதம் இருந்தும் கார்பன் மோனாக்சைடு கூடவே ஏறி நின்றால், காற்றின் அளவை உடனே கூட்டிவிடாதீர்கள். சுடருக்குப் பிறகு எங்கோ ஒரு கசிவு வழியாக வெளிக்காற்று புகைபோக்கிக்குள் நுழைந்து அளவியை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். அல்லது பர்னரில் கலப்பு சரியில்லாமல், ஒரு பக்கம் காற்று மிஞ்சியும் மறுபக்கம் பற்றாமலும் இருக்கலாம். கதவின் அடைப்பு, குழாய் இணைப்புகள், பர்னர் துளைகள் ஆகியவற்றை இந்த வரிசையில் சோதித்துவிட்டு, மோனாக்சைடு இறங்கிய பிறகுதான் காற்றுத் திறப்பைத் தொட வேண்டும்.